சங்கப் பக்கம் தானாக ஓடும்போது: கமிட்டிக்கு ஒரு விளக்கக் குறிப்பு

கேள்வி: எங்கள் சங்கத்துக்கு ஒரு முகநூல் பக்கம் இருக்கிறது. கூகுள் ஷீட்டில் எழுதி வைத்தால் பதிவுகள் தானாகப் போகும்படி எங்கள் பையன் ஒருவர் அமைத்துத் தருகிறார். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று கமிட்டியில் கேட்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்க ஒரு குறிப்பு வேண்டும். — சங்கச் செயலாளர், மொரிஷியஸ்

பதில்: ஷீட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. தேதி, நேரம், வாசகம், படத்தின் இணைப்பு, நிலை என ஐந்து கட்டங்கள் போதும். ஒரு சிறு நிரல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஷீட்டைப் பார்த்து, நேரம் வந்த வரியைப் பக்கத்தில் போட்டுவிட்டு, நிலைக் கட்டத்தில் போட்டாயிற்று என்று குறிக்கும். அது செய்வது இவ்வளவுதான். எழுத்துப் பிழையைத் திருத்தாது, படம் சரியானதா என்று பார்க்காது. வாட்ஸ்அப் குழுக்களுக்கும் முகநூல் குழுக்களுக்கும் அனுப்பாது. முகநூல் குழுக்களில் வெளி நிரல்கள் பதிவிடும் வசதியை மெட்டா 2024 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டது. அந்தப் பகிர்வை இனியும் ஒருவர் கையால்தான் செய்ய வேண்டும்.

முதலில் தேதியைக் கவனியுங்கள், பெரும்பாலான குளறுபடி அங்கேதான் தொடங்குகிறது. தைப்பூசக் காவடி 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. ஆகவே 'ஆண்டுதோறும் இதே தேதியில்' என்று எந்தத் திருவிழாப் பதிவையும் வைக்கக் கூடாது. ஒவ்வொரு ஆண்டும் அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்துப் புதிதாக எழுத வேண்டும். அடுத்தது தேதி எழுதும் முறை. ஷீட்டின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், நீங்கள் 01/02/2026 என்று எழுதியதை அது ஜனவரி 2 என்று எடுத்துக்கொள்ளும். 'ஊர்வலம் இன்று காலை புறப்படுகிறது' என்ற பதிவு ஒரு மாதம் முன்னதாகப் போய்விடும். 2026-02-01 என்றே எழுதிப் பழகுங்கள். அதோடு பக்கத்துக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=TEXT(A2,"dddd d mmmm yyyy")
```

Sunday 1 February 2026 என்று கிழமையோடு தெரியும். கிழமை தப்பாக இருந்தால் யார் கண்ணிலும் படும். நேர மண்டலத்தை ஷீட்டிலும் நிரலிலும் தனித்தனியாக மொரிஷியஸ் நேரத்துக்கு (GMT+4) மாற்ற வேண்டும். ஒன்று இந்திய நேரத்தில் நின்றுவிட்டால் காலை 6 மணிப் பதிவு 4:30-க்கே போகும்.

கமிட்டி அதிக நேரம் பேச வேண்டியது நிறுத்தும் அதிகாரத்தைப் பற்றி. பொங்கலும் தைப்பூசமும் நம் ஊரில் புயல் பருவத்தில் வருகின்றன. 2024 ஜனவரி 15 பொங்கல் நாள்; அன்றுதான் பெலால் புயல் வந்து போர்ட் லூயி வீதிகளில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனது. இரண்டு வாரம் முன்பே எழுதி வைத்த 'அனைவரும் குடும்பத்தோடு வருக' என்ற பதிவு அப்படிப்பட்ட காலையிலும் தன் நேரத்துக்குப் போயே தீரும். புயல் எச்சரிக்கை எந்த எண்ணில் இருக்கிறது என்று நிரலுக்குத் தெரியாது. எனவே ஷீட்டின் தலைப்பில் ஒரு கட்டத்தை ஒதுக்கி, அதில் STOP என்று எழுதினால் எதுவுமே போகாதபடி செய்யச் சொல்லுங்கள். நிரலில் அது இப்படி இருக்கும்:

```
if (stop === "STOP") return;
if (status === "GO" && now >= due
    && now - due < 30 * 60 * 1000) {
  publish(row);
}
```

இரண்டாவது if-இல் இரண்டு காவல்கள் இருக்கின்றன. நிலைக் கட்டத்தில் GO என்று ஒருவர் எழுதாத வரி போகாது. எழுதியவரும் GO போடுபவரும் வெவ்வேறு ஆளாக இருக்கட்டும். நேரம் கடந்து 30 நிமிடத்துக்கு மேல் ஆன வரியும் போகாது. இந்த வரம்பு இல்லையென்றால், புயல் ஓய்ந்து நீங்கள் STOP-ஐ எடுத்த நிமிடமே மூன்று நாள் அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும். STOP எழுதும் உரிமை மூன்று பேருக்காவது இருக்க வேண்டும்; கைபேசியிலிருந்தே எழுதலாம் என்பதால் மூவரும் ஒருமுறை எழுதிப் பார்த்துவிடட்டும். ஏற்கெனவே போய்விட்ட பதிவை STOP அழிக்காது. அதைக் கையால் நீக்கி, 'நிகழ்ச்சி ஒத்திவைப்பு' என்று கையாலேயே போட வேண்டும்.

பக்கத்துக்கு வரும் செய்திகளுக்குத் தானாகப் பதில் சொல்வது மெட்டாவின் சொந்த வசதி. Inbox-இல் Automations என்ற இடத்தில் இருக்கிறது, தனி நிரல் தேவையில்லை. 'வணக்கம், உங்கள் செய்தி கிடைத்தது, அலுவலக நேரம் இது' என்ற அளவில் அதை நிறுத்துங்கள். சொல்லைப் பார்த்துப் பதில் தரும்படி வைத்தால், ஒரே சொல்லையே மக்கள் cavadee, cavadi, kavadi, காவடி என்று நான்கு விதமாக எழுதுவார்கள். நான்கையும் சேர்க்க வேண்டும். நன்கொடை, ரசீது, பிள்ளைகளின் தமிழ் வகுப்புச் சேர்க்கை ஆகியவற்றுக்குத் தானியங்கிப் பதில் வேண்டாம், அங்கே ஆள் பேச வேண்டும். போன வருடம் செய்தி அனுப்பியவர்களுக்கெல்லாம் இந்த வருடக் காவடிக்குப் பெயர் கொடுப்பது தொடங்கிவிட்டது என்று மொத்தமாக அனுப்பலாமே என்று யாராவது கேட்பார்கள். முடியாது. ஒருவர் கடைசியாக எழுதிய 24 மணி நேரத்துக்குள்தான் தானியங்கி அவருக்குத் தாராளமாகப் பதில் அனுப்ப மெட்டா விடுகிறது.

இன்னொரு கோளாறு கண்ணில் படாமலே இருந்துவிடும். நிரலுக்காக மெட்டாவில் பதிவு செய்த செயலி இன்னும் 'Development' நிலையில் இருந்தால், அது போடும் பதிவுகள் அந்தச் செயலியில் பொறுப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே தெரியும். அமைத்துத் தந்த பையன் பார்த்து எல்லாம் சரி என்பார், ஊரில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. முதல் சோதனைப் பதிவை, பக்கத்தில் எந்தப் பொறுப்பும் இல்லாத ஒரு உறுப்பினரின் கைபேசியில் திறந்து பாருங்கள்.

கடைசியாக, சாவி யாருடையது என்ற கேள்வி. பக்கத்தில் பதிவிட நிரலுக்கு ஒரு டோக்கன் தரப்படுகிறது. வழக்கமாக அது ஒரு நிர்வாகியின் சொந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அவர் கடவுச்சொல்லை மாற்றினாலோ, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பதவி மாறிப் பக்கத்திலிருந்து அவர் பெயரை எடுத்தாலோ டோக்கன் செத்துவிடும். பக்கத்தில் எந்த எச்சரிக்கையும் வராது. பதிவுகள் நின்றுபோகும், அவ்வளவுதான். நிரலின் பதிவேட்டில் மட்டும் இப்படி ஒரு வரி கிடக்கும்:

```
"type":"OAuthException","code":190,"error_subcode":460
```

190 என்றால் டோக்கன் செல்லாது, 460 என்றால் கடவுச்சொல் மாறியிருக்கிறது. இந்த எண் வந்தால் செயலாளர், பொருளாளர் இருவருக்கும் மின்னஞ்சல் போகும்படி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வழி, பக்கத்தைச் சங்கத்தின் பெயரிலான மெட்டா பிசினஸ் கணக்கின் கீழ் கொண்டுவந்து, அங்கே System user ஒன்றை உருவாக்கி அதன் டோக்கனைப் பயன்படுத்துவது. அது எந்த ஆளின் கடவுச்சொல்லோடும் கட்டப்பட்டதல்ல. அந்தப் பிசினஸ் கணக்குக்கு முழு உரிமை உள்ள இருவர் எப்போதும் இருக்க வேண்டும். பொதுக்கூட்டத்தில் பொறுப்பு மாறும்போது புதியவரைச் சேர்த்து, அவர் உள்ளே வந்து ஒரு சோதனைப் பதிவு போட்ட பிறகே பழையவரை நீக்குங்கள். ஷீட்டும் நிரலும் பையனின் சொந்த ஜிமெயிலில் இல்லாமல் சங்கத்தின் கூகுள் கணக்கில் இருக்கட்டும். அந்தக் கணக்கின் மீட்பு எண் யாருடைய கைபேசி என்பதையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.