60 ஹெர்ட்ஸ் டிவில பெர்ஃபார்மன்ஸ் மோடு வேஸ்ட்டா?

"அண்ணா, பிஎஸ்5 வாங்கியிருக்கேன், டிவி 43 இன்ச் 4கே, 60 ஹெர்ட்ஸ். ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்டு ஆடுறேன். 60 ஹெர்ட்ஸ் டிவில பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்டாலும் குவாலிட்டி போட்டாலும் ஒண்ணுதான், 120 ஹெர்ட்ஸ் டிவி எடுத்தாதான் வித்தியாசம் தெரியும்னு ஷோரூம்ல சொல்றாங்க. நிஜமா? நான் எதை வெச்சு ஆடணும்?"

பொய் தம்பி. டிவிய மாத்தாத. பெர்ஃபார்மன்ஸ் மோடோட முழு பலனும் கிடைக்கறதுக்கு 60 ஹெர்ட்ஸே போதும், ஏன்னா அந்த மோடு குறி வெக்கிறதே செகண்டுக்கு 60 படம்தான்.

உன் டிவி செகண்டுக்கு 60 தடவை திரைய புதுப்பிக்குது, அதாவது சுமார் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. பெர்ஃபார்மன்ஸ்ல கன்சோல் ஒவ்வொரு தடவையும் ஒரு புது படம் வரைஞ்சு குடுக்குது. குவாலிட்டில (உன் கேம்ல அதுக்கு பேரு ஃபிடெலிட்டி) 30 படம்தான் வரையுது, அதனால ஒவ்வொரு படத்தையும் டிவி ரெண்டு தடவை காட்டுது. டிவி ரெண்டுலயும் 60 ஹெர்ட்ஸ்லயேதான் ஓடுது. பிஎஸ்5 செட்டிங்ஸ்ல Video Output Information போய் பாத்தா எந்த மோடுலயும் 60Hz-னுதான் காட்டும், அத பாத்துட்டு "ஆமா ஒண்ணுதான் போல"ன்னு நிறைய பேரு ஏமாந்துடறாங்க. அது டிவிக்கு போற சிக்னலோட கணக்கு, கேம் எத்தனை படம் வரையுதுங்கிறத அது சொல்லாது.

வித்தியாசத்த நீயே பாக்கலாம், பத்து நிமிஷம் போதும். மொதல்ல ஃபிடெலிட்டி வெச்சுட்டு ஒரு மொட்டை மாடில நின்னு ரைட் ஸ்டிக்க மெதுவா சுத்து. எதிர் பில்டிங்கோட ஜன்னல் விளிம்பையே பாரு, ஒரு கோடு ரெண்டு கோடா பிரிஞ்சு இழுத்துட்டுப் போற மாதிரி தெரியும், சுத்தறத நிறுத்தினதும் பளிச்சுன்னு ஆயிடும். இப்ப பெர்ஃபார்மன்ஸ் மாத்தி அதே வேகத்துல சுத்து, ஓடும்போதே ஜன்னல எண்ண முடியும். அதுவும் இல்லாம பட்டன் அமுக்கினதுக்கும் ஸ்பைடர்மேன் குதிக்கறதுக்கும் நடுவுல இருக்கற அந்த சின்ன தாமதமும் குறையும், கை மொதல்ல கண்டுபிடிக்கறது அதைத்தான்.

அடுத்து கீழ இறங்கி ஒரு கண்ணாடி பில்டிங் முன்னாடி நில்லு. ஃபிடெலிட்டில எதிர் பில்டிங், ரோட்டுல போற வண்டி, அவனோட உருவம்னு எல்லாமே கண்ணாடில தெரியும், அதுதான் ரே ட்ரேசிங். சாதா பெர்ஃபார்மன்ஸ்ல அது கிடையாது, முன்கூட்டியே எடுத்து வெச்ச மங்கலான பொதுப் படம் ஒண்ணத்தான் ஒட்டியிருப்பாங்க, எதிர்ல இருக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. நடுவுல பெர்ஃபார்மன்ஸ் ஆர்டின்னு ஒண்ணு இருக்கு பாரு, அதுல 60 படமும் வரும், பிரதிபலிப்பும் வரும், அதுக்கு விலையா ரெசல்யூஷனையும் ரோட்டுல நடக்கற ஜனக்கூட்டத்தையும் குறைச்சிருக்காங்க.

ரெசல்யூஷன் குறையுதேன்னு பயப்படாத. உன் 43 இன்ச் டிவியோட அகலம் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர், அதுல 3840 புள்ளி, அப்போ ஒரு புள்ளி கால் மில்லிமீட்டர். எட்டு அடி தள்ளி உக்காந்தா நல்ல கண்ணாலயே முக்கால் மில்லிமீட்டருக்கு கீழ பிரிச்சுப் பாக்கறது கஷ்டம். ரெசல்யூஷன் கொஞ்சம் எறங்கினா கம்பிவலை, தூரத்து மரம், முடி இந்த மாதிரி இடத்துல லேசா மினுமினுக்கும், அவ்ளோதான். மூணு அடில மேஜை மேல வெச்சு ஆடறவங்களுக்கு அது உறுத்தும், உனக்கு உறுத்தாது.

ஒரு இடத்துல ஷோரூம்காரங்க சொல்றதுல உண்மை இருக்கு, அத தெளிவா சொல்லிடறேன், ஏன்னா இத வெச்சுத்தான் எல்லாத்தையும் விக்கறாங்க. 40 படம்னு ஒரு மோடு இருக்கு, 2021-ல ராட்செட் அண்ட் க்ளாங்க் கேம்ல வந்து பிரபலமாச்சு. 120-ஐ 40 ஆல வகுத்தா 3, அதனால 120 ஹெர்ட்ஸ் டிவி ஒவ்வொரு படத்தையும் சரியா மூணு தடவை காட்டும், 25 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு. உன் டிவில 60-ஐ 40 ஆல வகுத்தா ஒன்றரை, அரை தடவை எப்படி காட்டறது? ஒரு படம் ரெண்டு தடவை, அடுத்தது ஒரு தடவை, மறுபடி ரெண்டு, மறுபடி ஒண்ணு, அப்படின்னா 33 மில்லிசெகண்ட், 17, 33, 17-ன்னு நொண்டி நொண்டி நடக்கற மாதிரி இருக்கும். அதனாலதான் அந்த மோட 60 ஹெர்ட்ஸ் டிவிக்கு குடுக்கறதே இல்ல. 30-க்கும் 60-க்கும் நடுவுல 40-ன்னா கம்மியா தோணும், ஆனா நேரக் கணக்குல 33.3-க்கும் 16.7-க்கும் சரி பாதி அந்த 25, அதனால அது நல்ல மோடுதான், மறுக்கல. ஆனா அந்த ஒரு மோடுக்காக நல்லா ஓடிட்டு இருக்கற டிவிய யாராவது தூக்கிப் போடுவாங்களா?

இதுல இன்னும் எனக்கு கடுப்பாகற விஷயம் பெட்டி மேல ஒட்டற ஸ்டிக்கர். "மோஷன் ரேட் 120"-ன்னு போட்டிருந்தா அது 120 ஹெர்ட்ஸ் பேனல்னு அர்த்தமே இல்ல, அது கம்பெனி தானா போட்டுக்கற மார்க், உள்ள 60 ஹெர்ட்ஸ் பேனல் இருக்கலாம். என் சொந்தக்காரப் பையன் அப்படி ஒண்ண வாங்கிட்டு வந்து, கன்சோல சொருகினா 120 ஆப்ஷனே வரல, கடைல போய் கேட்டா கேபிள்தான் பிரச்சனைன்னு சொல்லி ரெண்டாயிரம் ரூபாய்க்கு "8கே கேமிங் கேபிள்" ஒண்ண தலைல கட்டியிருக்காங்க. பிஎஸ்5 பெட்டிக்குள்ளயே ஹெச்டிஎம்ஐ 2.1 கேபிள் இருக்கு, 4கே 60-க்கு அதுவே ஜாஸ்தி. நெஜமான ரிஃப்ரெஷ் ரேட்ட பெட்டில பெருசா அச்சடிக்கணும்னு ஒரு விதி போட இவங்களுக்கு என்ன கஷ்டம்னு புரியல. கேம் கம்பெனிகளும் அப்படித்தான், மெனுல "30", "60"-ன்னு நேரா எழுதினா முடிஞ்சுது, அத விட்டுட்டு ஃபிடெலிட்டி, ரெசல்யூஷன், குவாலிட்டின்னு ஆளுக்கொரு பேரு.

டிவில கேம் மோடு ஆன்ல இருக்கான்னு மட்டும் உடனே பாரு. அது ஆஃப்ல இருந்தா டிவி படத்த மெருகேத்தறேன்னு சேக்கற தாமதம் 50 மில்லிசெகண்டுக்கு மேலயும் போகும், பெர்ஃபார்மன்ஸ் மோடு மிச்சம் பிடிச்சுக் குடுத்த 17 மில்லிசெகண்ட் அதுலயே கரைஞ்சுடும், அப்புறம் "ரெண்டும் ஒண்ணுதான்"னு தோணத்தான் செய்யும். ஃபிடெலிட்டி மோடு வழுவழுன்னு ஆகட்டும்னு மோஷன் ஸ்மூத்திங்கும் போடாத, டிவி நடுவுல கற்பனையா ஒரு படத்த சொருகும், வெப் பிடிச்சு ஆடும்போது கால சுத்தி கலங்கலா ஒரு வளையம் வரும், தாமதம் வேற ஏறும்.

நீ சாதா பெர்ஃபார்மன்ஸ்லயே ஆடு, கண்ணாடி பிரதிபலிப்பு வேணும்னு ஆசையா இருந்தா பெர்ஃபார்மன்ஸ் ஆர்டி. ஃபிடெலிட்டிய ஃபோட்டோ மோடுக்கு வெச்சுக்கோ, அங்க எதுவும் அசையாது, 30 படம்ங்கறது கண்ணுக்கு தெரியவே தெரியாது.