காசிமேட்டு ஏலத்தில் சமநிலை விலை: கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டை, கல்லூரி மாணவி: உபரி இருந்தால் விலை இறங்கும், பற்றாக்குறை வந்தால் ஏறும் என்று மனப்பாடமாகத் தெரியும். இறக்குவது யார், ஏற்றுவது யார்?

விற்காமல் கூடையோடு நிற்பவர் இறக்குகிறார். மீன் கிடைக்காமல் நிற்பவர் ஏற்றுகிறார். காசிமேட்டில் ஒரு விடியற்காலை 100 கூடை சங்கரா இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் போட்டவை. கூடை 1,200 ரூபாய் என்றால் 60 கூடைக்குத்தான் ஆள் இருக்கிறது. மீதி 40 கூடைக்காரர்களுக்குக் கவலை வந்துவிடும். வெயில் ஏறினால் செவுள் வெளுத்துவிடும், ஐஸ் போட்டு வைத்தால் அது தனிச் செலவு. அவர்களில் ஒருவர் 1,100-க்குத் தள்ளிவிடத் தயாராகிறார். அவரைப் பார்த்த பிறகு 1,200 சொல்பவரிடம் யார் நிற்பார்கள்? அவரும் இறங்கியாக வேண்டும்.

நூறு ரூபாய் இறங்கும்போதெல்லாம் பத்துக் கூடைக்குப் புதிதாக ஆள் வருகிறது. தலைச்சுமையாக விற்கும் பெண் ஒரு கூடைக்குப் பதில் இரண்டு எடுக்கிறார். வஞ்சிரம் வாங்க வந்த மெஸ்காரர் சங்கராவுக்கு மாறுகிறார். 800 ரூபாயில் 100 கூடைக்கும் ஆள் கிடைத்துவிடும். மிச்சக் கூடை இல்லாதபோது அதற்குக் கீழே இறங்க ஒருவருக்கும் அவசியமில்லை. இந்த இடம்தான் சமநிலை விலை. இதைக் கண்டுபிடிக்க யாரும் சமன்பாடு போடவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ருசிகரமான விஷயம்.

ராயபுரம், உணவகம் நடத்துபவர்: விலை ஏறினால் தேவை குறைகிறது. தேவை குறைந்தால் விலை இறங்க வேண்டும். அப்படியென்றால் தடைக்காலத்தில் ஏறிய விலை தானாகவே பழைய இடத்துக்கு வர வேண்டாமா?

முதல் வரி பாதி சரி. இரண்டாவது வரிதான் காலை வாருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சிறு படகுகள் கொண்டுவருவது 40 கூடைதான் என்று கொள்வோம். பழைய 800-க்குக் கேட்பவர்கள் 100 கூடைக்கு இருக்கிறார்கள், 60 கூடை போதவில்லை. ஒருவர் கூடுதலாகச் சொல்ல, அடுத்தவர் அதற்கு மேல் சொல்ல, 1,400-ல்தான் 40 கூடைக்கு 40 என்று நிற்கும். அங்கே விலகியவர்களுக்கு மீன் ஆசை போய்விடவில்லை. 1,400 கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான். விலை 800-க்குத் திரும்பினால் அத்தனை பேரும் திரும்பி வருவார்கள், 60 கூடைப் பற்றாக்குறையும் கூடவே வரும்.

விலை கொஞ்சம் இறங்குவது வேறு வழியில். 1,400 என்ற செய்தி போனதும் மேற்குக் கரையிலிருந்து லாரி கிளம்பும். 20 கூடை வந்தால் 1,200-ல் கணக்கு நேராகும். ஆனால் அந்தக் கரைக்கும் ஜூன் 1 முதல் தடை. ஆகவே ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையும் மூடியிருக்கும். உங்கள் மெனுவில் அப்போது கோழியை முன்னால் வையுங்கள்.

தண்டையார்பேட்டை, வாசகர்: ஒரே நாளில் 150 கூடை இறங்கினால் விலை தரைக்கே போய்விடுமா?

மேலே சொன்ன போக்கிலேயே போனால் 300 வரை போக வேண்டும். போகாது. கருவாடு போடுபவர்கள் 500-க்கு எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கொள்வார்கள் என்றால் விலை அங்கேயே நின்றுவிடும். 130 கூடை குழம்புக்கு, 20 கூடை உப்புக்கு.

வியாசர்பாடி, வீட்டு உரிமையாளர்: என் மாடி வீடு ஆறு மாதமாகக் காலி. உபரிதானே? வாடகை ஏன் இறங்கவில்லை?

ஐயா, இறக்க வேண்டியவர் நீங்கள்தான்! வீடு மீனைப் போல அழுகாது, அதனால் காத்திருக்கிறீர்கள். குறைத்துக் கொடுத்தால் கீழ் வீட்டுக்காரரும் குறைக்கச் சொல்வார் என்ற பயமும் இருக்கும். இப்படிப்பட்ட சந்தையில் விலை முதலில் மறைவாகத்தான் இறங்கும்: பத்து மாத அட்வான்ஸ் ஐந்தாகும், வெள்ளையடித்துத் தருவதாகப் பேச்சு வரும். பலகையில் எழுதிய வாடகை கடைசியில்தான் மாறும்.

காசிமேடு, படகு உரிமையாளர்: டீசலுக்கும் வலைக்கும் முன்பணம் வாங்கிய வியாபாரிக்கே நான் மீனைப் போட வேண்டும். உங்கள் 800 எனக்குக் கிடைப்பதில்லையே?

கிடைக்காது. உபரி இல்லாத நாளிலும் உங்கள் கூடைக்குப் போட்டி போட ஆள் இல்லை. எதிரே ஒரே ஒருவர்தான் நிற்கிறார். என் கணக்கு பலரும் பலரிடமும் கேட்க முடிகிற இடத்துக்குத்தான் பொருந்தும். குறையும் தொகை அந்த முன்பணத்துக்கு வட்டி என்று வியாபாரிகள் வாதிடுகிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு வட்டி, எவ்வளவு பிடிமானத்தின் பலம் என்பதை வெளியிலிருந்து நான் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு மாதம் உங்கள் பில் விலையையும் அதே காலை, அதே ரகத்துக்குத் திறந்த ஏலத்தில் போன விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள், பேசலாம்.