தெருவிளக்குக்கு யாரிடம் போவது?

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்புக்குக் காலாண்டுத் தமிழ் வினாத்தாள் எடுத்தேன். இலக்கணக் குறிப்பில் 'பொற்றொடி' கேட்டிருந்தேன். விடைக்குறிப்பில் அன்மொழித்தொகை என்று போட்டேன். சில பிள்ளைகள் வேற்றுமைத்தொகை என்று எழுதி, அதுவும் சரிதான் என்று வாதாடுகிறார்கள். கடிதக் கேள்வியில் 'தெருவிளக்கு எரியவில்லை, மின்வாரிய அலுவலருக்குக் கடிதம் எழுதுக' என்று கொடுத்தேன். வகுப்பு முழுக்க ஒரே கடிதம், கைடில் இருந்தபடியே. எங்கே தவறினேன்?

தமிழாசிரியை,
திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகள் வாதாடியது சரிதான், மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். பொற்றொடி என்று தனியாக நின்றால் அது பொன்னால் ஆகிய தொடி, அதாவது வளையல். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அந்த வளையலை அணிந்த பெண்ணைக் குறிக்கும்போதுதான் அன்மொழித்தொகை. எதைக் குறிக்கிறது என்பதை வினைமுற்றுதான் காட்டும். 'பொற்றொடி வந்தாள்' என்றால் பெண். 'பொற்றொடி தொலைந்தது' என்றால் வளையல். நீங்கள் வினைமுற்றை வெட்டிவிட்டு வெறும் சொல்லைக் கேட்டதால் விடையும் இரண்டாகிவிட்டது. 'தாழ்குழல்' கேட்டிருந்தாலும் இதே கதைதான்: தனியாக வினைத்தொகை, 'தாழ்குழல் பேசினாள்' என்றால் அன்மொழித்தொகை. தொகைநிலைத் தொடர் கேட்கும்போது சொல்லைத் தொடரில் வைத்து அடிக்கோடிட்டுக் கேளுங்கள். அச்சில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

கடிதம்தான் பெரிய விஷயம். முதலில் பெறுநர். மின்கம்பமும் மின்சாரமும் மின்வாரியத்தின் பொறுப்பு. தெருவிளக்கைப் பராமரிப்பது உள்ளாட்சி அமைப்பு. கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனதால், இங்கே எழுத வேண்டியது மாநகராட்சி ஆணையருக்கு. விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளை ஆணையருக்கு எழுதினால், 'பெறுநர் தவறு' என்று சிவப்பு மையில் சுழித்துவிடுவோம். அது என்ன நியாயம்? நானும் பல வருடம் மின்வாரியத்துக்கே எழுதச் சொன்னவன். கம்பத்தில் ஏறியிருந்த மின்வாரிய ஊழியர் ஒருவரிடம் எங்கள் தெரு விளக்கைப் பற்றிக் கேட்டபோது, "சார், அது எங்க வேலை இல்ல" என்று அவர் மேலேயிருந்தே சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அடுத்தது, கேள்வியில் சரக்கு இல்லை. எத்தனை விளக்கு, எத்தனை நாளாக என்று எதுவும் கொடுக்காமல் 'எரியவில்லை' என்று மட்டும் சொன்னால், பிள்ளை கைடில் உள்ளதைத்தான் இறக்கும். நான் கேட்டிருந்தால் இப்படிக் கேட்டிருப்பேன்:

'கடலூர் முதுநகரில், உங்கள் தெருவில் நான்கு தெருவிளக்குகள் பத்து நாட்களாக எரியவில்லை. அவற்றைச் சரிசெய்யக் கோரி மாநகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதுக.'

ஒருமுறை இதோடு 'தனிப்பயிற்சி முடிந்து மாணவர்கள் இருட்டில் திரும்புகிறார்கள்' என்ற வரியையும் சேர்த்துக் கொடுத்தேன். முக்கால்வாசிப் பேர் அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிட்டார்கள். இடம், எண்ணிக்கை, நாள் ஆகியவற்றை நாம் கொடுத்துவிட்டு, அதனால் யாருக்கு என்ன தொல்லை என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிட வேண்டும். மீன் கூடையோடு விடியற்காலை கிளம்பும் பாட்டியைப் பற்றி ஒரு பெண் எழுதியிருந்தாள். கைடில் அப்படி ஒரு பாட்டி கிடையாது.

அப்புறம், மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது. ஐந்தில் அனுப்புநர், பெறுநருக்கு ஒன்று, விளி, பொருளுக்கு ஒன்று, முடிப்பு, உறைமேல் முகவரிக்கு ஒன்று என்று வைத்தால், சட்டகத்துக்கே மூன்று போய்விடுகிறது. கடிதச் செய்தியில் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று மட்டும் எழுதியவனும் மூன்று வாங்கிவிடுவான். நான் சட்டகம் முழுவதற்கும் இரண்டுதான் வைப்பேன். மீதி மூன்றில், குறையை இடம், எண்ணிக்கை, நாளோடு சொன்னதற்கு ஒன்று. தொல்லையைச் சொன்னதற்கு ஒன்று. கோரிக்கை தெளிவாக இருந்தால் ஒன்று. 'ஆவன செய்யுமாறு' என்பது கோரிக்கை ஆகாது. 'நான்கு விளக்குகளையும் மாற்றித் தருமாறு' என்பது கோரிக்கை. இதை விடைக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள், வேறொருவர் பேப்பர் திருத்தினாலும் மதிப்பெண் மாறாது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஐந்து மதிப்பெண்ணுக்கு உங்களுக்கே பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால், பிள்ளைக்குக் கேள்வி பெரிது.

ஒன்று விட்டுப்போயிற்று. அனுப்புநர் பகுதியில் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பெயரையும் பள்ளியையும் எழுதிவிடுகிறார்கள். பொதுத்தேர்வில் அப்படி எழுதி அடையாளம் காட்டக் கூடாது. 'அஅஅ, ஆஆஆ' என்று எழுதப் பழக்குகிறோம், அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். கேள்வியிலேயே ஒரு கற்பனைப் பெயரும் கதவு எண்ணும் கொடுத்துவிடுங்கள். உறைமேல் முகவரி வரை கடிதம் கடிதமாகவே இருக்கும்.