கட்டாத முப்பது மாதங்கள்

"அண்ணா, நான் தலவாக்கலை. மாஸ்டர்ஸ் படிக்க 40 லட்சம் கல்விக்கடன் தருகிறார்கள், வட்டி 14 வீதம். இரண்டு வருடப் படிப்புக்கும் அதன்பிறகு ஆறு மாதத்துக்கும் கட்டத் தேவையில்லையாம், பிறகு ஏழு வருடத் தவணையாம். நம்பி எடுக்கலாமா?"

எடுக்கலாம் தங்கச்சி, ஆனால் அந்த முப்பது மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். நான் ஹட்டனிலிருந்து மெல்பர்ன் வந்தபோது எங்கள் லயத்தில் யாருக்கும் இது விளங்கவில்லை.

முழுப் பணத்தையும் முதல் நாளே எடுத்தால் மாத வட்டி சுமார் 46,700 ரூபா. அதைத் தனியாக எழுதிவைத்து கடைசியில் சேர்த்தால் கடன் 54 லட்சம். மாதாமாதம் அசலோடு சேர்த்தால் வட்டிக்கும் வட்டி ஏறி 56.6 லட்சம் ஆகும். இரண்டில் எது என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது.

ஏழு வருடத் தவணை இந்தப் பெருத்த தொகைக்குத்தான் போடுவார்கள். வெறும் 40 லட்சத்துக்கு மாதம் 75,000 அளவில் வர வேண்டியது, 56.6 லட்சத்துக்கு 1,06,000 ஆகிறது. அதிலும் முதல் தவணையில் 66,000 வட்டிக்கே போய்விடும்.

குறைக்க வழி உண்டு. இரண்டாம் வருடக் கட்டணத்துக்கான பணத்தை அந்த வருடம் தொடங்கும்போது மட்டும் எடுங்கள். எடுக்காத பணத்துக்கு வட்டி ஓடாது. ஆனால் இடையில் ரூபா விழுந்தால், ஒதுக்கிய தொகை கட்டணத்துக்குப் போதாமல் போகலாம். 2022இல் பலர் அப்படித்தான் மாட்டினார்கள்.

அப்புறம், அந்த முப்பது மாதமும் மாதம் 10,000 ரூபா கட்ட முடிந்தாலும் 56.6 லட்சம் 53 லட்சமாக இறங்கும். எனக்காகத் தம்பி ஒவ்வொரு மாதமும் சம்பளத்துக்கு மறுநாள் பஸ் ஏறி, டவுனுக்குப் போய்ப் பணம் கட்டினான். எட்டு மாதம் கழித்துக் கடன் கணக்கின் கூற்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் ஒரு சதம்கூடக் குறையவில்லை! காசெல்லாம் கடனோடு திறந்த சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தது. 'வட்டிக்கு வரவு வையுங்கள்' என்று கடிதம் கொடுத்த பிறகுதான் சரியானது. அதனால் முதல் மாதம் கட்டியதுமே கூற்றை எடுத்துப் பாருங்கள்.

பிணைக்கு ஆள் தேடும்போதும் கவனம். லயக் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் இல்லாததால் அதை ஈடு வைக்க முடியாமல், எனக்கு ஆசிரியரான மாமாதான் கையெழுத்து வைத்தார். நான் தவணை தவறினால் அவர் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் பிணையாளியிடம் 1,06,000 என்ற கணக்கையே காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்று. அந்த முப்பது மாதம் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்றும் கேளுங்கள். முதல் பணம் எடுத்த நாளிலிருந்து என்றால், விசா தாமதமாகி அடுத்த இன்டேக்குக்குத் தள்ளிப்போனால், படிப்பு முடிந்ததுமே, அந்த ஆறு மாத அவகாசம் இல்லாமல் தவணை தொடங்கிவிடலாம்.