ஃபிட்மென்ட் ஃபாக்டர் 2.57 என்றால் சம்பளம் இரண்டரை மடங்கு ஆகுமா?

கேள்வி: மத்திய அரசில் நிலை 6-இல் 35,400 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் இருக்கிறேன். 8-ஆவது ஊதியக் குழுவிலும் 2.57 கொடுத்தால் என் சம்பளம் இரண்டரை மடங்கு ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. அந்த எண் அடிப்படை ஊதியத்தை மட்டுமே பெருக்குகிறது. அதுவரை நீங்கள் வாங்கிவந்த அகவிலைப்படி, புதிய ஊதியம் நடைமுறைக்கு வரும் நாளில் பூஜ்யமாகிவிடும்.

7-ஆவது ஊதியக் குழுவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 7,000 ரூபாய். 2016 ஜனவரி 1 அன்று பழைய கணக்கில் அகவிலைப்படி 125 சதவீதம் என்பதால், இரண்டும் சேர்ந்து 15,750 ரூபாய் ஏற்கெனவே ஊழியருக்கு உரியதாக இருந்தது. புதிய ஊதியம் 18,000 ரூபாய். 18,000-ஐ 7,000-ஆல் வகுத்தால் 2.57 வரும். ஆனால் அதில் 2.25 பங்கு பழைய அடிப்படையும் அகவிலைப்படியும்தான். உண்மையான உயர்வு 2,250 ரூபாய், அதாவது 14 சதவீதத்துக்குச் சற்று மேல். சங்கக் கூட்டங்களில் 2.57 என்று முழங்கிய அளவுக்கு இந்த 14 பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் மாற்றப்படுகிறது. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டின் பன்னிரண்டு மாதச் சராசரி, 2015-ஆம் ஆண்டின் சராசரியான 261.42-ஐ விட எத்தனை சதவீதம் உயர்ந்திருக்கிறது என்பதே அதன் அளவு. குறியீட்டின் அடிப்படை ஆண்டு 2016-க்கு மாறியதால், இப்போதைய சராசரியை 2.88-ஆல் பெருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்:

```
(சராசரி × 2.88 − 261.42) ÷ 261.42 × 100
```

2025 ஜூன் வரையான சராசரி சுமார் 143.6. அதைப் பொருத்தினால் 58.2 வரும்; பின்னம் கழிக்கப்பட்டு, 2025 ஜூலை முதல் 58 சதவீதம் வழங்கப்பட்டது. கழிபட்ட பின்னம் தொலைந்துவிடாது, ஏனெனில் ஒவ்வொரு முறையும் கணக்கு 261.42-இலிருந்தே புதிதாகப் போடப்படுகிறது.

உங்கள் 35,400-உடன் 58 சதவீதம் சேர்த்தால் 55,932 ரூபாய். ஆகவே 1.58 என்ற காரணி உங்களுக்கு ஒரு ரூபாயும் கூட்டித் தராது. அதற்கு மேற்பட்டதே உயர்வு. சென்ற முறை போல 14 சதவீத உண்மை உயர்வு என்றால் காரணி ஏறக்குறைய 1.80-இல் நிற்கும். மாறாக 2.57 கிடைத்தால் அடிப்படை 90,978 ரூபாய். அது 62 சதவீதத்துக்கும் மேற்பட்ட உயர்வு. நடைமுறைக்கு வரும் நாளில் அகவிலைப்படி எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அதே காரணியின் மதிப்பு அவ்வளவு குறையும்.

வீட்டு வாடகைப்படியைத் தனியாகப் பாருங்கள். 7-ஆவது குழுவுக்குப் பின் பெருநகர விகிதம் 30-இலிருந்து 24 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிய அடிப்படை ஊதியத்துக்கு 2016 ஜனவரியிலிருந்து நிலுவை கிடைத்தது. வாடகைப்படியோ 2017 ஜூலையிலிருந்துதான் புதிய அடிப்படையில் கணக்கிடப்பட்டு உயர்ந்தது, இடைப்பட்ட பதினெட்டு மாதங்களுக்கு நிலுவை இல்லை.