சேனல் லிங்க் மட்டும் அனுப்பினால் வேலை வராது: வாசகர் கேள்விகள்

கேள்வி: செட்டிநாட்டு வீடுகள், பலகாரங்கள், கைத்தொழில் எனக் கலந்து வீடியோ போடுகிறேன். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை விடுதியாக்கியவர்களுக்கு, வீடியோ எடுக்கும் வேலை கேட்டுச் சேனல் லிங்க் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. (காரைக்குடி வாசகர்)

விடுதிக்காரர் லிங்கைத் திறந்திருப்பார், மேலே கந்தரப்பம் வீடியோ இருந்திருக்கும், சமையல் சேனல் என்று மூடியிருப்பார். தேடிப் பார்க்கும் வேலையை அவரிடம் விடாதீர்கள். வீடு பற்றிய வீடியோவில், வளவு முற்றத்தில் வெயில் இறங்கும் காட்சி 4 நிமிடம் 12 வினாடியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணினியில் ஷேர் பொத்தானை அழுத்தி, தொடக்க நேரத்தை 4:12 எனக் கொடுத்தால், லிங்கின் கடைசியில் `t=252` சேரும். திறந்ததுமே அந்தக் காட்சி ஓடும். கூடவே இரண்டு வரி போதும்: “ஷூட், எடிட் இரண்டும் நான், குரல் மட்டும் நண்பருடையது. உங்கள் முகப்பு, வளவு, சாப்பாட்டுக் கூடம் மூன்றையும் ஒரு நிமிட வீடியோவாக எடுத்துத் தர முடியும்.” யார் எதைச் செய்தது என்று எழுதாவிட்டால், கூட்டாக எடுத்த வீடியோ உங்கள் திறமைக்குச் சாட்சியாகாது.

ஆத்தங்குடி கல் செய்யும் பட்டறைக்கு இதே லிங்க் உதவாது. கண்ணாடியின் மேல் அச்சு வைத்து வண்ணக் கலவை ஊற்றும் காட்சியை அவருக்கு அனுப்புங்கள். கை வேலையைக் கிட்டத்தில் தெளிவாகக் காட்டுகிறீர்களா என்றுதான் அவர் பார்ப்பார்.

கேள்வி: என் வீடியோக்களின் பார்வைகள் முந்நூறைத் தாண்டவில்லை. எத்தனை பார்வை என்று கேட்பார்களா?

வீடியோ எடுத்துத் தரச் சொல்பவருக்கு அது பெரிய விஷயமில்லை. உங்கள் சேனலில் விளம்பரம் செய்ய வருபவர் கட்டாயம் கேட்பார். இரண்டும் வேறு வேலை, விலையும் வேறு.

கேள்வி: ஒரு ஜவுளிக்கடைக்குக் காசு வாங்கிக்கொண்டு கண்டாங்கிச் சேலை வீடியோ எடுத்தேன். அதை என் மாதிரியாகக் காட்டலாமா?

கேட்டுவிட்டுக் காட்டுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர். கேமரா உங்களுடையதாக இருந்தாலும் அப்படித்தான். முன்பணம் வாங்கும்போதே, “இதில் ஒரு பகுதியை என் வேலை மாதிரியாகக் காட்டிக்கொள்வேன்” என்று வாட்ஸ்அப்பில் எழுதி, சரி என்று பதில் வாங்கிவிடுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

கேள்வி: சென்னையில் எடிட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். தனி வீடியோவைப் பிரைவேட்டாக வைத்து அனுப்பலாமா?

வேண்டாம். பிரைவேட் என்றால் நீங்கள் மின்னஞ்சல் கொடுத்து அழைத்தவர் மட்டுமே, அதுவும் அவர் கூகுள் கணக்கில் நுழைந்துதான், பார்க்க முடியும். மேலாளர் அதைத் தன் குழுவுக்கு அனுப்பினால் அவர்களுக்குத் திறக்காது. அன்லிஸ்டட் என வையுங்கள், லிங்க் கையில் இருக்கும் யாரும் பார்க்கலாம். அனுப்புமுன் திருத்தி முடித்துவிடுங்கள், ஏனென்றால் யூடியூபில் ஏற்றிய கோப்பை அதே லிங்கில் மாற்ற முடியாது. ஸ்டூடியோவில் வெட்டுவது, மங்கலாக்குவது போன்ற சிறு திருத்தங்கள்தான் செய்யலாம். புதிதாக ஏற்றினால் புது லிங்க் வரும், விண்ணப்பத்தில் இருப்பது பழையதாகவே நிற்கும்.