பணிப்பதிவேட்டில் விடுபட்ட தளி ஆண்டுகள்

கேள்வி: 1988 ஜூலையில் பென்னாகரம் ஒன்றியத்தில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். 1994 ஜூன் 3இல் விடுவிக்கப்பட்டு, 6ஆம் தேதி தளி ஒன்றியத்தில் சேர்ந்தேன். 2001இல் அங்கேயே தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் ஆனேன். 2025 மே 31இல் ஓய்வு பெற்றேன். கணக்காயர் அலுவலகம் என் ஓய்வூதியக் கருத்துருவைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1994 ஜூன் முதல் 1997 மார்ச் வரை பணிச் சரிபார்ப்பு இல்லையாம். பதவி உயர்வு 28.6.2001 என்று பதிவாகியிருக்கிறது, ஆனால் பொறுப்பேற்றது 9.7.2001 என்கிறார்கள். தர்மபுரிக்குப் போனால் கிருஷ்ணகிரியைக் கேள் என்கிறார்கள், கிருஷ்ணகிரியில் தர்மபுரியைக் கைகாட்டுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஐயா, இரண்டு குறைகளையும் ஒரே மாதிரி பார்க்காதீர்கள். மூன்று வருடம் பெரிதாகத் தெரியும், பதினொரு நாள் சிறிதாகத் தெரியும். பண விஷயத்தில் நிலைமை தலைகீழ்.

முதலில் தளி ஆண்டுகள். உங்கள் மொத்தப் பணி ஏறக்குறைய 37 வருடம். அந்த இரண்டு வருடம் பத்து மாதத்தை முழுக்கக் கழித்தாலும் 34 வருடம் மிஞ்சும். நம் மாநிலத்தில் முழு ஓய்வூதியத்துக்கு 30 வருடத் தகுதிப் பணி போதும். பணிக்கொடை ஒவ்வோர் அரையாண்டுக்கும் கால் மாத ஊதியம் என்று கணக்காகி, பதினாறரை மாதத்தோடு நின்றுவிடும், அதாவது 33 வருடத்தில் உச்சம். எனவே இந்த இடைவெளியால் உங்களுக்கு வர வேண்டிய தொகை குறையாது. ஆனால் காகிதத்தில் இடைவெளி இருக்கும்வரை கருத்துரு நகராது. இதையே எழுத்தில் சுட்டிக்காட்டி, சரிபார்ப்பு முடியும்வரை தற்காலிக ஓய்வூதியம் வழங்கும்படி உங்கள் வட்டாரக் கல்வி அலுவலரிடம் இப்போதே மனு கொடுங்கள்.

இடைவெளியை நிரப்பும் சான்றுகளில் பாதி உங்கள் பணிப்பதிவேடான எஸ்.ஆரிலேயே இருக்கும். 1988இல் சேர்ந்தவருக்கு 1998இல், அதே பதவியில் பத்து வருடம் முடிந்ததும், தேர்வு நிலை வழங்கியிருப்பார்கள். அந்த ஆணையைப் போட்ட அலுவலர் பத்து வருடமும் இடையறாப் பணி என்று பார்த்துத்தான் கையெழுத்திட்டிருப்பார், அந்தப் பத்தில் தளி ஆண்டுகளும் அடக்கம். ஐந்தாவது ஊதியக்குழு ஊதியம் 1.1.1996 முதல் நிர்ணயிக்கப்பட்டது, அதற்கான ஆணைகள் 1998இல் வந்தன. அந்த நிர்ணயப் படிவத்தில் 1.1.1996 அன்று நீங்கள் எந்த ஒன்றியத்தில் எந்த ஊதியப்படியில் இருந்தீர்கள் என்று எழுதியிருக்கும். 1997க்குப் பிறகு வந்த முதல் ஊதிய உயர்வுப் பதிவையும் பாருங்கள். அந்தத் தொகையை எட்ட வேண்டுமானால் 1994, 95, 96 உயர்வுகள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். வேலை பார்க்காதவருக்கு உயர்வு ஏறாது.

வெளியே தேட வேண்டியவை: பென்னாகரத்தின் பணிவிடுப்பு ஆணை, தளியின் பணியேற்பு அறிக்கை, கடைசி ஊதியச் சான்று, தளி அலுவலகத்தின் ஊதியப் பட்டியல்கள். ஆசிரியர் சேமநல நிதியின் ஆண்டுக் கணக்குச் சீட்டை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மாதாமாதம் பிடித்த தொகை அதில் இருந்தால் சம்பளம் போனதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேடும் ஆண்டாய்வு அறிக்கையும் பழைய பீரோவில் கிடக்கலாம். எதுவுமே கிடைக்காத காலத்துக்கு உங்கள் எழுத்துமூல அறிக்கையையும், உடன் பணியாற்றியவர்களின் சாட்சியத்தையும் துணை ஆவணங்களையும் வைத்து அலுவலரே சரிபார்க்கலாம்.

அலைக்கழிப்புக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 9.2.2004இல். 1994இல் பென்னாகரமும் தளியும் தர்மபுரி மாவட்டம்தான். மாறுதல் ஆணையும் 2001 பதவி உயர்வு ஆணையும் தர்மபுரி மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலகத்தில் பிறந்தவை. அவற்றைத் தர்மபுரியில் இன்று அந்தப் பணியைப் பார்க்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். ஊதியப் பட்டியலும் எஸ்.ஆரும் ஒன்றியத்தைச் சேர்ந்தவை, அவை அன்றைய உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் அலுவலகத்தின் வாரிசான தளி வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருக்க வேண்டும். விடுபட்ட சரிபார்ப்பில் கையெழுத்திட வேண்டியதும் தளிதான்.

வாய்மொழியாகக் கேட்டது போதும். இரு அலுவலகங்களுக்கும் தனித்தனியே தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவு உங்களுக்கு உதவும். தகவல் தன்னிடம் இல்லையென்றால் உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் அந்த அலுவலகமே அனுப்ப வேண்டும், உங்களைத் துரத்தக் கூடாது. சொந்தப் பணிப்பதிவேட்டைக் கேட்பதால் 'தனிநபர் தகவல்' என்ற மறுப்பும் பொருந்தாது. 'என் ஆவணங்கள் அனைத்தும்' என்று எழுதாமல், '1994 ஜூன் முதல் 1997 மார்ச் வரையிலான தளி ஒன்றிய ஊதியப் பட்டியலில் என் பெயர் உள்ள பக்கங்கள்' என்று குறிப்பாகக் கேளுங்கள். அழித்துவிட்டோம் என்றால், எந்த ஆணையின்படி, என்று அழித்தார்கள் என்பதைக் காட்டும் பதிவின் நகலைக் கேளுங்கள். அந்தப் பதிவே இல்லாமல் போய், 'அழிந்த' கட்டு மறுபடி கிடைத்ததும் உண்டு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இனி அந்தப் பதினொரு நாள். பதவி உயர்வின் ஊதியம் பொறுப்பேற்ற நாளிலிருந்துதான், ஆணை பிறந்த நாளிலிருந்து அல்ல. பதினொரு நாள் வித்தியாசத் தொகை அற்பம். ஆனால் இங்கே ஊதிய உயர்வு, அது வர வேண்டிய காலாண்டின் முதல் நாளில் வழங்கப்படும். 28.6 என்றால் உயர்வு ஏப்ரல் 1, 9.7 என்றால் ஜூலை 1. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு படி கூடுதலாக வாங்கியதாகத் தணிக்கை கணக்குப் போடும். அதோடு, நீங்கள் மே மாதம் ஓய்வு பெற்றவர். ஜூலைக் கணக்கு சரியென்றால் 2025 ஏப்ரல் உயர்வே உங்களுக்கு இல்லை, கடைசி ஊதியம் ஒரு படி குறையும், ஓய்வூதியமும் அதற்கேற்பக் குறையும்.

ஆகவே பொறுப்பு ஒப்படைப்பு அறிக்கையையும், 2001 ஜூன், ஜூலை மாத வருகைப் பதிவேட்டையும் தேடுங்கள். ஆணை வந்த அன்றே அதே பள்ளியில் பொறுப்பேற்றதற்குச் சான்று கிடைத்தால் ஆட்சேபணையை நிராகரிக்கச் சொல்லலாம். கிடைக்காவிட்டால், ஊதியம் திருத்தப்படுவதைத் தடுப்பது கடினம். பழைய தொகையைப் பிடிப்பது மட்டும் வேறு கதை. பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மசி வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்றவரிடம் அவர் தவறில்லாமல் வழங்கப்பட்ட மிகைத் தொகையைப் பிடிக்கக் கூடாது என்று சொன்னது. ஆனால் ஊதியக்குழு விருப்பப் படிவத்தில், மிகையிருந்தால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்று 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கு ஒரு நீதித்துறை அதிகாரியைப் பற்றியது, உங்கள் நிலைக்கு அது பொருந்தாது என்று வாதிட இடமுண்டு. 2009, 2017 ஊதியத் திருத்தங்களின்போது நீங்கள் கையெழுத்திட்ட படிவங்கள் எஸ்.ஆரோடு ஒட்டியிருக்கும். பிடித்தம் செய்ய நோட்டீஸ் வந்தால், பதில் எழுதும் முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.

மனு கொடுத்து இரண்டு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால், மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு, தகவல் உரிமைப் பதில்கள் ஆகியவற்றோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். காலக்கெடுவுக்குள் கருத்துருவைத் திருத்தி அனுப்ப உத்தரவிடும்படி அதில் கேட்கலாம். தளி ஆண்டுகளுக்கான சரிபார்ப்பையும் பதவி உயர்வுத் தேதி ஆட்சேபணையையும் தனித்தனிக் கோரிக்கையாக வையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் பின்னதன் சண்டை முன்னதையும் சேர்த்து இழுத்தடிக்கும்.